இருபது லட்சத்தைத் தாண்ட வைத்தது ஒரு வீட்டு வாடகை

கணக்கு எழுதுவதும் வரித் தாக்கல் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. 2024-25 நிதியாண்டில் என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பாளரின் கதை இது. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, தொகைகளையும் கணக்குப் போட வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடியே.

அவர் வந்தது வங்கிப் பிரச்சினைக்காக. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மொழிபெயர்ப்பில் இறங்கியிருந்தார். தொழிலுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே நடப்புக் கணக்கு திறக்கப் போனால், வங்கியில் "ஜி.எஸ்.டி. சர்டிஃபிகேட் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன வழி என்று பேசி முடித்து, காபி டம்ளரையும் வைத்துவிட்டுக் கிளம்பும்போதுதான் கேட்டார்: "அண்ணா, எனக்கு ஜி.எஸ்.டி. இப்போ தேவையில்லதானே? இருபது லட்சம் வரைக்கும் வேணாமாமே. எனக்கு ஒன்பதரைதான் ஆகியிருக்கு."

உட்காருங்கம்மா என்றேன். அன்று பிப்ரவரி 18. அந்த ஒன்பதரை எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்து, அது இருபதைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தபோது மணி ஏழு ஆகிவிட்டது.

முதலில் வங்கி விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் தவறான காரணத்துக்காக ஜி.எஸ்.டி. எடுப்பது இந்த இடத்தில்தான்.

தனி ஆள் நிறுவனத்துக்குப் பதிவு என்று ஒன்று உண்டா?

இந்தியாவில் புரோப்ரைட்டர்ஷிப் என்பதற்குத் தனிச் சட்டமும் கிடையாது, பதிவாளரும் கிடையாது. கம்பெனிக்கு இருப்பதுபோல் ஒரு பதிவு எண் வரும் என்று தேடினால் கிடைக்காது. நீங்கள் தொழில் செய்ய ஆரம்பித்த நாளிலேயே புரோப்ரைட்டர் ஆகிவிட்டீர்கள். உங்கள் பான் எண்தான் நிறுவனத்தின் பான் எண். தொழில் பெயர் என்பது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மாட்டும் பலகை, அவ்வளவுதான். கடன் வந்தாலும் வழக்கு வந்தாலும் வரி வந்தாலும் அது உங்கள் தலையில்தான் விழும், பலகையில் விழாது.

அப்படியானால் வங்கி எதைக் கேட்கிறது? அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒரு தொழில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கிறது. ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டுதலில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஏதாவது இரண்டு ஆவணங்கள் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சான்றிதழ் அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் ஒன்று, அது மட்டுமே அல்ல. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் உத்யம் சான்றிதழ், உள்ளாட்சி அமைப்பு கொடுக்கும் உரிமம், தொழில் வரி அதிகாரிகள் கொடுத்த பதிவு ஆவணம், தொழில் வருமானம் காட்டிய முழு வருமான வரி ரிட்டர்ன் எல்லாமே அதில் வரும். இரண்டு ஆவணம் கொடுக்க முடியாத நிலை என்று வங்கிக்குத் திருப்தியானால், ஒன்றை வாங்கிக்கொண்டு நேரில் வந்து பார்த்து உறுதி செய்துகொள்ளவும் அதில் இடம் இருக்கிறது.

இவர் விஷயத்தில் உத்யம் பதிவு முதலில். ஆதார், பான், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும், அரசு இணையதளத்தில் கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடலில் மேலே வந்து நிற்கும் அரசுத் தளம் போன்ற சில தனியார் பக்கங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி `udyamregistration.gov.in` என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைத் தட்டுங்கள். நிறுவனப் பெயர் கேட்கும் இடத்தில் பலகையில் என்ன பெயரோ, எழுத்துக்கு எழுத்து அதையே போட வேண்டும், பிறகு எல்லா இடத்திலும் அதுதான் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது ஆவணமாக, வேலையில் இருந்தபோதே பகுதிநேரமாகச் செய்த மொழிபெயர்ப்பு வருமானத்தைக் காட்டியிருந்த முந்தைய ஆண்டின் ரிட்டர்ன். ஒப்புகைச் சீட்டு மட்டும் போதாது, முழு ரிட்டர்னும் வேண்டும், அதை மறந்து ஒருமுறை அலைந்தார். அவ்வளவுதான், கணக்கு திறந்தாயிற்று.

வங்கியில் கேட்டார்கள் என்பதற்காக ஜி.எஸ்.டி. எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், சட்டம் தடுக்காது. விருப்பப் பதிவு என்று அதற்குப் பெயர். ஆனால் எடுத்த நாளிலிருந்து இருபது லட்ச விலக்கு உங்களுக்கு இல்லை, முதல் ரூபாய்க்கே வரி, வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன். வருடம் நான்கு லட்சம் சம்பாதிக்கும் ஒரு பையன் நடப்புக் கணக்குக்காக ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டு, ரிட்டர்ன் என்று ஒன்று போட வேண்டும் என்பதே தெரியாமல் இருந்து, தாமதக் கட்டணத்தோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் பதிவு பெற்ற கம்பெனிகளாக இருந்து அவர்களே ஜி.எஸ்.டி. பில் கேட்டால் அது வேறு கதை.

ஒன்பதரை எப்படி இருபது ஆனது

இப்போது விஷயத்துக்கு வருவோம். சேவை மட்டும் வழங்குபவருக்கு, ஒரு நிதியாண்டில் மொத்த டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் இந்த வரம்பு 10 லட்சம். தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் இருக்கும் 40 லட்சம் என்பது பொருள் மட்டும் விற்பவர்களுக்கு, அதை நம்மோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் எல்லாம் "மொத்த டர்ன்ஓவர்" என்ற சொல்லில்தான். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 2(6) அதை விளக்குகிறது: வரி உள்ள சேவை, வரிவிலக்கு உள்ள சேவை, ஏற்றுமதி, வெளிமாநில விற்பனை என ஒரே பான் எண்ணில் நாடு முழுக்க நடந்த எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வசூலித்த ஜி.எஸ்.டி. தொகையை மட்டும் சேர்க்க வேண்டாம். வரி கட்டும் கடமை வந்ததா என்று பார்க்க, வரியே இல்லாத வரவையும் கூட்டச் சொல்கிறது சட்டம். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்படித்தான்.

இவர் செய்த கணக்கு இது. உள்ளூர் பதிப்பகம், எழுத்தாளர்கள் என்று தமிழ்நாட்டு வேலை டிசம்பர் முடிய 4,60,000 ரூபாய். பெங்களூரு கம்பெனி ஒன்றிடமிருந்து வங்கியில் வந்தது 4,86,000. கூட்டினால் 9,46,000, அதுதான் அந்த ஒன்பதரை. வெளிநாட்டு ஏஜென்சியின் பணத்தைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் "ஏற்றுமதிக்குத்தான் வரியே கிடையாதே அண்ணா."

முதலில் பெங்களூரு. வங்கியில் வந்தது 4,86,000, ஆனால் பில் போட்டது 5,40,000. நடுவில் காணாமல் போன 54,000 அவர்கள் பிடித்த பத்து சதவீத டி.டி.எஸ். அது அவர் பெயரில் கட்டப்பட்ட வருமான வரி, அவருடைய பணம்தான். ஜி.எஸ்.டி.க்கு எடுக்க வேண்டியது பில் தொகை, வங்கியில் விழுந்த தொகை அல்ல. படிவம் 26AS-ஐத் திறந்து காட்டினேன், அதில் முழு 5,40,000 அழகாக உட்கார்ந்திருந்தது. வருமான வரித் தாக்கலில் போகப்போவதும் அதே எண்தான். இதை வரித்துறை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆகும் நேரம் எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொரு பயமும் அவரிடம் இருந்தது. யாரோ தெரிந்தவர், "வெளிமாநிலத்துக்கு பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே ஜி.எஸ்.டி." என்று சொல்லியிருக்கிறார். முழுப் பொய் அல்ல, பழைய உண்மை. பிரிவு 24 அப்படித்தான் சொல்கிறது, ஆனால் 2017 அக்டோபரிலேயே ஒரு அறிவிக்கை வந்து, சேவை வழங்குபவர்களுக்கு வெளிமாநில வேலையாக இருந்தாலும் இருபது லட்ச வரம்பு உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். ஏற்றுமதியும் சட்டத்தின் கண்ணில் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை என்பதால் அதே விலக்கில் வந்துவிடும். ஆக, வெளிநாட்டு வேலை செய்கிறீர்கள் என்பதற்காக மட்டும் பதிவு செய்யத் தேவையில்லை, ஆனால் அந்தப் பணம் இருபது லட்சக் கணக்கில் நிச்சயம் வரும்.

அப்படி வந்த ஏஜென்சித் தொகை டிசம்பர் முடிய 7,20,000.

அடுத்து நான் கேட்ட கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "வேற வரவு என்னெல்லாம் இருக்கு?" தொழில் இல்லாத வரவை ஏன் கேட்கிறேன் என்பதுபோல் பார்த்தார். வீட்டு மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், மாதம் 12,000. குடியிருக்க விடும் வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் வரிவிலக்கு பெற்ற சேவையும் மொத்த டர்ன்ஓவரில் உண்டு என்று இப்போதுதானே பார்த்தோம்! ஒன்பது மாதத்துக்கு 1,08,000.

ஏப்ரல், மே இரண்டு மாதம் வாங்கிய சம்பளம் 70,000. இது சேராது. வேலையாள் முதலாளிக்குச் செய்யும் பணி ஜி.எஸ்.டி. சட்டத்தில் சேவையாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

கூட்டினால் டிசம்பர் 31 அன்று:

தமிழ்நாடு 4,60,000
பெங்களூரு 5,40,000
ஏற்றுமதி 7,20,000
வாடகை 1,08,000
மொத்தம் 18,28,000

அவர் முகம் மாறியது இந்த இடத்தில்தான். ஜனவரியும் பாதி பிப்ரவரியும் இன்னும் கூட்டவே இல்லை.

எந்த நாள் என்பதுதான் கேள்வி

தாண்டிவிட்டோம் என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்தத் தேதியில் தாண்டினோம் என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பில் புத்தகத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டினோம். ஜனவரி 5 வாடகை 12,000 சேர்த்து 18,40,000. ஜனவரி 11 பெங்களூரு பில் 85,000 சேர்த்து 19,25,000. ஜனவரி 24 ஏஜென்சி பில் 70,000 சேர்த்து 19,95,000. ஐயாயிரம் பாக்கி. பிப்ரவரி 5 அன்று மாடி வீட்டுக்காரர் வாடகை அனுப்புகிறார், 20,07,000.

ஆக, கோட்டைத் தாண்ட வைத்தது மொழிபெயர்ப்பே அல்ல, வரியே இல்லாத ஒரு வீட்டு வாடகை.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. வங்கி வைப்புத்தொகை வட்டி ஒன்று இருந்தது, டிசம்பருக்குள் வரவு வைக்கப்பட்டது 62,000. வங்கியில் பணம் போட்டு வட்டி வாங்குவதும் ஜி.எஸ்.டி. பார்வையில் வரிவிலக்கு பெற்ற ஒரு சேவைதான் என்று ஒரு வாதம் உண்டு. குஜராத் முன்தீர்ப்பு ஆணையம் 2020இல் ஒரு வழக்கில், பதிவு வரம்பைக் கணக்கிட இத்தகைய வட்டியையும் சேர்க்க வேண்டும் என்றே சொன்னது. அந்தத் தீர்ப்பு கேட்டவரையும் அவருக்குரிய வரி அதிகாரியையும் மட்டும்தான் கட்டுப்படுத்தும், பணத்தைப் போட்டுவிட்டு சும்மா இருப்பவர் என்ன சேவை செய்கிறார் என்று எதிர்வாதம் செய்பவர்களும் உண்டு, எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் நான் நினைப்பதை வைத்து அடுத்தவர் பணத்தில் பந்தயம் கட்ட முடியாது. வட்டியைச் சேர்த்தால் ஜனவரி 24 அன்றே 20,57,000 ஆகிவிடுகிறது.

இரண்டு தேதிகள். பிப்ரவரி 5 என்றால் மார்ச் 7 வரை நேரம் உண்டு. ஜனவரி 24 என்றால் பிப்ரவரி 23தான் கடைசி, அதற்கு ஐந்தே நாள். முந்தின தேதியை எடுத்துக்கொண்டால் கூடுதலாக என்ன இழப்பு என்று பார்த்தோம். இரண்டு தேதிக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு ஏற்றுமதி பில்தான், அதற்கு எப்படியும் வரி பூஜ்ஜியம். ஆக முந்தின தேதியை எடுப்பதில் ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை, வாதாட வேண்டிய தலைவலியும் இல்லை. ஜனவரி 24 என்றே முடிவு செய்தோம். நடுவில் பெரிய உள்நாட்டு பில் ஏதாவது இருந்திருந்தால் இன்னும் நிறைய யோசித்திருப்பேன்.

"மீதியை என் வீட்டுக்காரர் பேர்ல பில் போட்டுரலாமா?" என்று மெல்லக் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். வேலை செய்வது ஒருவர், பில் இன்னொருவர் பெயரில், ஏஜென்சியோடு ஒப்பந்தமோ இவர் பெயரில் என்றால், கேள்வி வரும் நாளில் பதில் இருக்காது. வேறு பெயர்ப் பலகை மாட்டி இன்னொரு நிறுவனம் ஆரம்பித்தாலும் பயன் இல்லை, பான் எண் ஒன்றுதானே.

விண்ணப்பம்

பிப்ரவரி 20 வியாழக்கிழமை விண்ணப்பம் போட்டோம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் `GST REG-01` இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியில் பான், கைப்பேசி, மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு தற்காலிக எண் கிடைக்கும், அது பதினைந்து நாள் செல்லும். மீதி எல்லாம் இரண்டாம் பகுதியில்.

அங்கே மூன்று இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். `Legal Name` என்பது பான் அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயர், அதை மாற்ற முடியாது. தொழில் பெயர் போக வேண்டியது `Trade Name` கட்டத்தில். அடுத்து, பதிவுக்கான காரணம் கேட்கும் இடம். அதில் `Crossing the Threshold` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவசரத்தில் `Voluntary Basis` என்று அழுத்திவிட்டால் உங்கள் தாண்டிய தேதிக்கு மதிப்பில்லாமல் போய்விடும். கடமை எழுந்த தேதி கேட்கும் இடத்தில் ஜனவரி 24. முப்பது நாளுக்குள் விண்ணப்பித்தவருக்குப் பதிவு அந்தத் தேதியிலிருந்தே செல்லும். தாமதமாகப் போட்டவருக்குச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்துதான் செல்லும். இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்பது கீழே வரும்.

வீட்டிலிருந்தே வேலை என்பதால் வீட்டு முகவரிதான் தொழில் முகவரி. மாடி மட்டும்தான் இவர் பெயரில், இவர் இருக்கும் கீழ்வீடு அப்பா பெயரில். மின்கட்டண ரசீதை மட்டும் ஏற்றினோம், அவரிடம் வாங்க வேண்டிய சம்மதக் கடிதத்தை ஏற்றவில்லை. என் கவனக்குறைவுதான், சாக்கு இல்லை. ஒரு வாரத்தில் `GST REG-03` என்று விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. பதில் சொல்ல ஏழு வேலைநாள்தான் கொடுப்பார்கள், மின்னஞ்சலை யாரும் பார்க்காமல் அந்த நாள் கடந்துபோனதால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏராளம். மறுநாளே கடிதத்தை ஏற்றினோம். மார்ச் 5 அன்று சான்றிதழ் வந்தது. பதினைந்து இலக்க எண், முதல் இரண்டும் தமிழ்நாட்டுக்கான 33, அடுத்த பத்தும் அவருடைய பான் எண்ணேதான். பார்த்ததும் "இது என் பான்தானே" என்றார். ஆமாம், பலகை வேறு ஆள் வேறு இல்லை என்று முதல் நாளே சொன்னது அதைத்தான்.

நடுவில் போட்ட பில்கள்

ஜனவரி 24 முதல் பதிவு செல்லும், ஆனால் மார்ச் 5 வரை எண் கையில் இல்லை. எண் இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. அதனால் கணக்குப் பார்த்த அன்றே, மார்ச்சில் எண் வரும்வரை புது பில் எதுவும் போடாமல் முடிந்தவரை தள்ளிவையுங்கள் என்று சொல்லிவிட்டேன், சேவை முடிந்து முப்பது நாளுக்குள் பில் போட்டால் போதும் என்பதால் அதற்கு இடம் இருந்தது. ஆனால் அவர் என்னிடம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டவை மூன்று: ஜனவரி 24 ஏஜென்சி பில் 70,000, பிப்ரவரி 10 பெங்களூரு பில் 90,000, பிப்ரவரி 14 ஓர் எழுத்தாளருக்கு 30,000.

இதற்குத்தான் திருத்திய பில் என்று ஒரு வசதி இருக்கிறது. சான்றிதழ் கிடைத்து ஒரு மாதத்துக்குள், பதிவு செல்லத் தொடங்கிய தேதியிலிருந்து போட்ட பில்களை வரியோடு திருத்திக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்புக்கான சேவைக் குறியீடு 998395, வரி பதினெட்டு சதவீதம்.

பெங்களூரு கம்பெனிக்கு 90,000க்கு 16,200 வரி சேர்த்துத் திருத்திய பில் போனது. முணுமுணுப்பே இல்லாமல் அனுப்பிவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் கட்டும் அந்த வரியை அவர்களே உள்ளீட்டு வரியாக எடுத்து, தாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் செலவே இல்லை.

எழுத்தாளர் அப்படியல்ல. அவருக்குப் பதிவு இல்லை, 5,400 கூடுதலாகக் கொடுத்தால் அது அவருக்கு முழுச் செலவு. "முப்பதாயிரம்னு பேசினோம், முப்பதாயிரம் கொடுத்துட்டேன்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வாங்கிய 30,000க்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாக எடுத்துக்கொண்டு, அதை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். வரி 4,576, இவருக்கு மிஞ்சுவது 25,424. கைக்காசு போனது, ஆனால் 5,400 போகவில்லை. இந்த வகுத்தல் தெரியாமல் முழு பதினெட்டு சதவீதத்தையும் கையிலிருந்து கட்டியவர்கள் உண்டு.

ஏற்றுமதி பில்லுக்கு வரி பூஜ்ஜியம், ஆனால் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய `RFD-11` என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு எண் வந்த பிறகுதான் அதைப் போடவே முடியும், பில்லோ ஏற்கெனவே போய்விட்டது. பின்தேதிக்கும் அதை ஏற்கலாம் என்று 2018 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை இருப்பதால் பிரச்சினை ஆகவில்லை. அந்தக் கடிதம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். இவர் மார்ச்சில் ஒன்று போட்டார், ஏப்ரலில் பிறந்த புது ஆண்டுக்கு உடனே இன்னொன்று. "இப்பத்தானேண்ணா போட்டோம்!" என்றார், நியாயம்தான்.

பதிவுக்கு முந்தைய இந்த இடைக்காலத்தின் வரியைத் தனியாகக் கட்டத் தேவையில்லை, பதிவுக்குப் பிறகு போடும் முதல் ரிட்டர்னிலேயே காட்டிக் கட்டலாம். அப்படியே செய்தோம்.

வராமல் இருந்திருந்தால்

அன்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால், ஜூலையில் வருமான வரி ரிட்டர்னுக்காக என்னிடம் வந்திருப்பார், அப்போதுதான் தெரிந்திருக்கும். ஆகஸ்டில் பதிவு கிடைத்ததாக வையுங்கள். பெங்களூரு கம்பெனிக்கு மட்டும் மாதம் 90,000 வீதம் ஆறு பில் போயிருந்தால் 5,40,000, எழுத்தாளருக்குப் போட்ட அதே வகுத்தலில் அதற்குள் அடங்கிய வரி 82,373. தாமதமாக விண்ணப்பித்ததால் பதிவு ஆகஸ்டிலிருந்துதான் செல்லும், பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான பில்களைத் திருத்தித் தர வழி இல்லை. திருத்த முடியாவிட்டால் அந்தக் கம்பெனியால் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, எடுக்க முடியாத வரியை அவர்கள் தரமாட்டார்கள். முழுத் தொகையும் இவர் கையிலிருந்து, மேலே ஆண்டுக்கு பதினெட்டு சதவீத வட்டி, பதிவு செய்யத் தவறியதற்கு 10,000 அல்லது அந்த வரித் தொகை, எது அதிகமோ அது அபராதமாக வரக்கூடிய நிலை. ஐந்து நாள் இருக்கும்போது கவனித்ததற்கும் ஐந்து மாதம் கழித்துக் கவனிப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

இப்போது

ஏப்ரல் பிறந்ததும் ஒரு சந்தேகம் கேட்டார், இதுவும் பலரிடம் உண்டு: "புது வருஷம் ஆரம்பிச்சிருச்சு, மறுபடி இருபது லட்சம் ஆகிற வரைக்கும் ஜி.எஸ்.டி. போட வேணாம்ல?" வேண்டும். பதிவு ரத்து ஆகும்வரை ஏப்ரல் முதல் பில்லிலிருந்தே வரி. டர்ன்ஓவர் உண்மையிலேயே குறைந்துவிட்டால் ரத்துக்கு விண்ணப்பிக்கலாம், தானாக எதுவும் நிற்காது.

இன்னொரு சின்ன மாற்றம். வெளிநாட்டு நிறுவனத்திடம் சந்தா கட்டும் மொழிபெயர்ப்பு மென்பொருளின் பில்லில் இதுவரை பதினெட்டு சதவீத வரியை அவர்களே சேர்த்து வசூலித்துவந்தார்கள், பதிவு இல்லாதவர் என்பதால். இப்போது தன் எண்ணை அங்கே கொடுத்துவிட்டார். அவர்கள் வரி சேர்ப்பதில்லை, இவரே ரிட்டர்னில் அந்த வரியைக் கட்டி, அதையே உள்ளீட்டு வரியாகவும் எடுக்கிறார்.

ரிட்டர்ன் காலாண்டு முறையில். ஒரு தாளில் நாலு பத்தி போட்டுக் கொடுத்திருக்கிறேன்: தேதி, யாருக்கு, பில் தொகை, ஏப்ரலிலிருந்து கூட்டிய தொகை. வாடகையும் அதில் ஒரு வரியாக ஏறுகிறது. எழுத்தாளர் அடுத்த நூலுக்கு வந்தபோது, இந்த முறை தான் விலை சொன்ன வாட்ஸ்அப் செய்தியை மொழிபெயர்ப்பாளர் எனக்கும் அனுப்பியிருந்தார், "முப்பத்தைந்தாயிரம், ஜி.எஸ்.டி. தனி" என்று. எழுத்தாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எல்லாம் சேர்த்து நாப்பதுன்னு முடிச்சுக்கலாமா?" என்று கேட்டாராம். நாற்பதாயிரத்தை 1.18ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, 33,898 வருகிறது, சரி என்று சொல்லிவிட்டேன் என்றார்.